இரண்டு காலாண்டு தள்ளி

நாற்பத்திரண்டு வயதிலும் வீட்டில் அவள் சின்னவள்தான். பெரியவள் கல்யாணமாகித் தூர ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அப்பா வாயில் மட்டும் பேர் மாறவில்லை. ஆபீசில் மேடம். காது மிஷின் விற்கிற கம்பெனியில் மார்க்கெட்டிங் மேனேஜர். விளம்பரத்தில் அதைச் ‘செவித்துணைக் கருவி’ என்று மரியாதையாகப் போடுவார்கள். ஃபோனில் கூப்பிடுகிறவர்களில் ஒருத்தராவது அப்படிச் சொன்னதில்லை. “காது மிஷின் என்ன விலை?” என்றுதான் கேட்பார்கள், அதுவும் தனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சேர்த்துக்கொண்டு.

அந்த ஆபீசில் ஒரு பழமொழிக்குத் தடை உண்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அன்று காலை சின்னவள் அதை வாய் தவறாமல், தெரிந்தே, உரக்கச் சொன்னாள். டீயும் வாங்கிக் கொடுத்தாள். விளம்பர பட்ஜெட்டைக் கூட்டிக் கேட்டு அவள் அனுப்பிய மெமோ திரும்பி வந்திருந்தது.

ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல்: குறைக்கவும்.

நிதித் துறைத் தலைவர் எந்தக் காகிதத்திலும் அதைத்தான் எழுதுவார். பேப்பர், பேனா, பயணப் படி, வாசலில் வைக்கிற பூச்செடி எதுவானாலும் குறைக்கவும். அதனால் ஆபீசில் அவருக்குப் பேரே ‘குறைக்கவும் சார்’. கெட்ட மனிதர் இல்லை. கம்பெனி முங்கிப் போகாமல் இரண்டு முறை பிடித்து நிறுத்தியவர் அவர்தான் என்று எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் செலவு என்று கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

இந்த முறை சொல்லோடு நிறுத்தவில்லை. கீழே இரண்டு வரி விளக்கமும் இருந்தது. “இரண்டு காலாண்டுக்கு முன் விளம்பரச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். விற்பனை குறையவில்லை, போன காலாண்டில் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. பிறகு கூடுதல் எதற்கு?” அத்தோடு பழைய மெமோ ஒன்றின் நகலையும் பின் குத்தி வைத்திருந்தார். சின்னவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. ‘இந்தக் காலாண்டில் புது விளம்பரம் கொடுத்தோம்; இதே காலாண்டில் விற்பனை உயர்ந்தது; ஆகவே விளம்பரத்தின் பலன் நேரடியானது’ என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்த மெமோவுக்குத்தான் முதலாளி கூட்டத்தில் கைதட்டினார், பதவியையும் நிரந்தரம் செய்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. விற்பனை விழப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். இலவசக் காது பரிசோதனைக்குப் பதிவு செய்கிறவர்கள் எண்ணிக்கை செலவைக் குறைத்த மாசத்திலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு வராதவன் மிஷின் வாங்க மாட்டான், இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் விற்பனைக் கணக்கு ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலாளி போன கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார், இனி ஒரு காலாண்டு விற்பனை சரிந்தால் மார்க்கெட்டிங்கில் ஆளை மாற்றுவதாக. அப்பாவும் அவளும் இருக்கிற வீடு இந்த வேலையில்தான் ஓடுகிறது. அக்காவுக்குத் தன் பாடே பெரும்பாடு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டிவி தெருமுனை வரை கேட்டது. அவள் மணியை அடித்தாள். திரும்ப அடித்தாள். கடைசியில் பையைக் கொட்டிக் கவிழ்த்துச் சாவியைத் தேடித் திறந்தாள். அப்பா டிவிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காது மிஷின் கம்பெனி மேனேஜருடைய அப்பாவுக்குக் காது கேட்காது; வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதை. எத்தனையோ முறை கெஞ்சியாகிவிட்டது. “எனக்கென்ன செவிடா?” என்பார். “நீங்க எல்லாரும் வாய்க்குள்ள முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்?” என்பார். அக்கா ஃபோனில் அழுதுகூடப் பார்த்துவிட்டாள். அழுகையும் அவருக்குக் கேட்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பாவே டிவியை நிறுத்தினார்.

“சின்னவளே, மணி அடிச்சியா?”

“நாலு தடவை.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு.”

“எந்த விளம்பரம்?”

“உங்க கம்பெனிதாம்மா. ஒரு பெரியவர் பேப்பர் படிச்சிட்டிருப்பாரு. வெளியில பேரப்பிள்ளை நின்னு மணி அடிக்கும். அவரு பக்கத்தைத் திருப்புவாரு. பிள்ளை கொஞ்ச நேரம் நின்னுட்டு, திரும்பிப் போயிடும். அவ்வளவுதான். அதைப் பாத்ததுலேர்ந்து, மணி அடிச்சா எனக்குக் கேக்குதான்னு நானே என்னைச் சோதிச்சிட்டு இருக்கேன். முதல்ல கேட்டுச்சு. அப்புறம் கேட்ட மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு நாலு தடவைங்கிற.” தண்ணீரைக் குடித்துவிட்டு, “சரி, அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போ. உங்க அக்காகிட்ட இப்பவே சொல்லாதே, ஊருக்கெல்லாம் சொல்லிடுவா” என்றார்.

சின்னவளுக்கு அழுகை வந்தது. அது சந்தோஷத்துக்கு. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது வேறொரு காரணத்துக்கு. அந்த விளம்பரம் ஒளிபரப்பாகி இரண்டு வருஷமாகிறது. அது அவள் செய்ததில்லை, அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் செய்தது. சோகமாக இருக்கிறது, ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று வந்த முதல் வாரமே அதை நிறுத்தியவள் அவள்தான். அதற்குப் பதிலாகப் பூங்காவில் சிரிக்கிற தாத்தாவைப் போட்டாள்.

அப்பா பிடிவாதத்துக்குப் பேர்போனவர், இரண்டு வருஷம் தாங்கினார். மற்றவர்கள் எவ்வளவு நாள் தாங்குவார்கள்?

மறுநாள் அவள் ஃபோன் அறைக்குப் போனாள். அங்கே இருக்கிற பெண்மணியை எல்லாரும் ‘ஃபோன் அக்கா’ என்பார்கள். வருகிற அழைப்பையெல்லாம் எடுத்து, ஆளைப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பது அவர் வேலை. போன காலாண்டில் மிஷின் வாங்கியவர்களை இருவரும் பங்கு போட்டுக்கொண்டு கூப்பிட்டார்கள். முதலில் எப்போது நம் விளம்பரத்தைப் பார்த்தீர்கள், எப்போது முதல் முறை ஃபோன் செய்தீர்கள், எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். கம்பெனியில் இதுவரை எவரும் கேட்காத கேள்வி ‘எப்போது’. ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று மட்டுந்தான் கேட்பார்கள். டிவியிலா, பேப்பரிலா, ஃபோனிலா என்று தெரிந்தால் போதும், மேனேஜர் படம் போட்டு விளக்கிவிடலாம்.

காது மிஷின் வாங்கியவர்களிடம் ஃபோனில் பேசுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருவர் மிஷினை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, “என்னது? என்னது?” என்று கத்தினார். ஒரு அம்மா கணவருக்குப் பதிலாகத் தானே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆனால் பதில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. பார்த்தவுடனே யாரும் வாங்கவில்லை. முதலில் கோபம், அந்த வேகத்தில் ஒரு ஃபோன், பரிசோதனைக்குப் பதிவு, அப்புறம் வெட்கம், கொஞ்ச நாள் மறதி, மகளோடு சண்டை, ஏதாவது ஒரு விசேஷத்தில் தப்பாகப் பதில் சொல்லி எல்லாரும் சிரித்தது, அதற்கப்புறந்தான் மிஷின். முக்கால்வாசிப் பேருக்கு ஐந்தாறு மாசம் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு காலாண்டு.

சின்னவள் கம்ப்யூட்டரில் பழைய கணக்கைத் திறந்தாள். ஒரு வரிசையில் காலாண்டுதோறும் விளம்பரச் செலவு, அதன் கீழே விற்பனை. விற்பனை வரிசையை அப்படியே இரண்டு கட்டம் இடது பக்கமாக, முந்தைய காலாண்டுகளுக்கு நேரே தள்ளினாள். அதுவரை ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு வரிசையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டன. செலவு ஏறிய இடத்தில் விற்பனை ஏறியது, இறங்கிய இடத்தில் இறங்கியது. குறைத்த பிறகும் விற்பனை குறையாதது ஏன் என்று தெரிந்துவிட்டது. குறைப்பதற்கு முன்னால் கொடுத்த விளம்பரத்தைத்தான் இத்தனை நாளும் கம்பெனி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் பானை காலி.

அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மெமோவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்புறந்தான் கண் இடது பக்கம் போனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தன் முதல் காலாண்டு, கைதட்டு வாங்கிய அந்தக் காலாண்டு, யாருடைய செலவுக்கு நேராகப் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாள்.

அவளுக்கு முன்னால் இருந்தவருடையதுக்கு.

அவர் இரண்டு காலாண்டு அள்ளிச் செலவு செய்தார். கதவு மணி விளம்பரம் அப்போதுதான் ஓடியது. விற்பனை அசையவில்லை. பணத்தைக் கரைத்தவர் என்று பேர் வாங்கிக்கொண்டு போனார். அவர் போட்டது விளைந்த நேரத்தில் நாற்காலியில் அவள் இருந்தாள். சிரிக்கிற தாத்தாவைப் போட்டாள், விற்பனை பாய்ந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்காய்க்குப் பதவி நிரந்தரம்.

“அவர் போன அன்னைக்கு ரொம்ப நேரம் படிக்கட்டுலயே நின்னாரு மேடம்” என்றார் ஃபோன் அக்கா, கேட்காமலே. “லிஃப்ட் வந்துச்சு, போச்சு. ஏறல.”

அவள் அவருக்கு ஃபோன் செய்தாள். இப்போது பள்ளிக்கூடப் பை தயாரிக்கிற ஒரு கம்பெனியில் சின்ன வேலையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

“நான் சொன்னேம்மா” என்றார். “இன்னும் ரெண்டு காலாண்டு பொறுங்கன்னு, என்னை அனுப்பின கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். உள்ளுக்குள்ள தெரிஞ்சுது, கையில ஆதாரம் இல்ல. ஆதாரம் இப்ப உங்ககிட்ட இருக்கு.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“உங்களை என்னம்மா மன்னிக்கிறது? நீங்க வேலைக்கு வந்தீங்க, வேலை பாத்தீங்க. ஆனா ஒண்ணு, இப்ப கூட்டிக் கேக்கறீங்கல்ல, கிடைச்சாலும் உங்க கணக்குல வராது. பாத்துக்குங்க.” ஃபோனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னது அவளுக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது, புரியாத மாதிரி இருந்துகொண்டிருந்தாள். இப்போது செலவைக் கூட்டினால் பலன் வர இரண்டு காலாண்டு. அதற்குள் பழைய குறைப்பின் அடி வந்து விழும். வருகிற கூட்டத்தில் செலவு கூடியிருக்கும், விற்பனை சரிந்திருக்கும். முதலாளிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கூட்டிக் கேட்காமல் சும்மா இருந்தால்? விற்பனை அப்போதும் சரியும். ஆனால் “செலவைக் குறைத்தது நீங்கள்தானே” என்று கையைக் காட்டிவிட்டுத் தப்பித்துவிடலாம். கம்பெனி மட்டும் அதற்கப்புறமும் சரிந்துகொண்டே இருக்கும். பரிசோதனை அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும், ஃபோன் அக்கா வீட்டுக்குப் போவார்.

புது மெமோவில் கேட்டது எளிதுதான். குறைத்த மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், அதற்கு மேல் கொஞ்சம் கூட்ட வேண்டும், கதவு மணி விளம்பரத்தைத் திரும்ப ஓட்ட வேண்டும். இனிமேல் விளம்பரத்தை அந்தந்தக் காலாண்டு விற்பனையை வைத்து எடை போடாமல், முதலில் பரிசோதனைப் பதிவையும் இரண்டு காலாண்டு கழித்து விற்பனையையும் பார்க்க வேண்டும். நாலாவது பத்தியில்தான் அவள் கை நின்றது. எழுதினாள், அழித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினாள். ‘நான் சேர்ந்த காலாண்டின் உயர்வு என் விளம்பரத்தால் வந்ததில்லை. எனக்கு முன் இருந்தவரின் விளம்பரத்தால் வந்தது. என் பழைய மெமோ தவறு.’

குறைக்கவும் சார் மெமோவைப் படிக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் கால்குலேட்டர், பென்சில், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். வேறெதுவும் இல்லை, அலங்காரத்தையும் குறைத்திருந்தார். அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தானே கால்குலேட்டரில் இரண்டு இடம் போட்டுப் பார்த்தார். நாலாவது பத்தியில் நின்றுவிட்டார்.

“வேற காரணம் இருக்கலாமே? அந்த வருஷம் போட்டிக் கம்பெனி ஏதாவது மூடியிருக்கலாம்.”

“பாத்தேன் சார். விலையும் மாறல, புதுக் கிளையும் திறக்கல. முழுக்க நிரூபிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எட்டு காலாண்டும் ஒரே மாதிரி நிக்குது. வாங்கினவங்களும் அதையேதான் சொல்றாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அவரை அனுப்பிடலாம்னு எழுதிக் கொடுத்தது யார்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“ஆமா சார்.”

அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “இந்த ஒரு பத்தியை எடுத்துடுங்க” என்றார் மெதுவாக. “கேட்டதுல பாதி தரேன். உங்க பேரும் கெடாது, என் பேரும் கெடாது. அவர் இனிமே திரும்பி வரப் போறதில்ல.”

சின்னவளுக்குச் சரி என்று சொல்லத்தான் ஆசை. சத்தியமாக ஆசை. அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது, வீடு ஞாபகம் வந்தது. பாதி கிடைத்தாலே பெரிசு. வாயைத் திறந்தாள்.

“எடுத்தா மீதி நிக்காது சார். கடைசி ரெண்டு காலாண்டை மட்டும் வச்சு இதைச் சொன்னா, பதிவு குறைஞ்சது வேற எதனாலயோன்னு முதலாளி கேப்பாரு. நீங்களே கேப்பீங்க. என் பழைய மெமோவை எடுத்துக் காட்டுவீங்க, இப்ப காட்டின மாதிரி.”

அவர் அந்தப் பழைய நகலைப் பார்த்தார். பின்னை நகத்தால் நெம்பிக் கழற்றி, நகலைக் குப்பைக் கூடையில் போட்டார்.

“நான் முழுசாக் கொடுத்தா பணம் எப்பத் திரும்பும்?”

“பதிவு அடுத்த மாசமே ஏற ஆரம்பிக்கும். விற்பனை ரெண்டு காலாண்டு கழிச்சு.”

“அடுத்த கூட்டத்துல?”

“விழும் சார். செலவும் கூடியிருக்கும்.”

“அப்ப உங்களை…”

“தெரியும் சார்.”

அவர் பென்சிலை எடுத்தார், வைத்தார். பேனாவை எடுத்து, கேட்ட தொகைக்குக் கீழே முழுசாகக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. “காலாண்டு பட்ஜெட் என் அதிகாரம், அதுக்கு நான் பொறுப்பு. கூட்டத்துல ஆளை வைக்கிறதும் அனுப்புறதும் அவர் இஷ்டம். சொல்லிப் பாக்கிறேன்” என்றார்.

சொல்லிப் பார்க்கவும் செய்தார். மூன்று மாசம் கழித்து வந்த கூட்டத்தில் விற்பனை நன்றாகவே சரிந்திருந்தது. பதிவு ஏறியிருப்பதைச் சின்னவள் காட்டினாள். முதலாளி, “பதிவை வச்சு சம்பளம் போட முடியுமா?” என்றார். குறைக்கவும் சார் எழுந்து நின்று, இரண்டு காலாண்டு பொறுக்கலாம் என்றார். வாழ்நாளில் முதல் தடவையாகச் செலவுக்குப் பரிந்து பேசுகிறவரை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்களே ஒழிய ஒருத்தரும் நம்பவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ஒருவர் காதோடு கேட்டாராம்.

வேலை போன அன்று சின்னவள் படிக்கட்டில் நிற்கவில்லை. லிஃப்ட் வந்ததும் ஏறிவிட்டாள். வீட்டுக்குப் போய் அழுதாள். மிஷின் போட்டு ஒரு மாசமாகியிருந்த அப்பாவுக்கு அந்த அழுகை மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. “கேக்காமயே இருந்திருக்கலாம்” என்றார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து. அதற்கப்புறம் அவள் வேலை தேடி அலைந்ததும், அக்காவிடம் கை நீட்டியதும், கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடைக்கு விளம்பரம் எழுதப் போனதும் தனிக் கதை.

அந்தக் கண்ணாடிக் கடையில் அவள் மூக்குக்கண்ணாடி விலைப் பலகைக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. குறைக்கவும் சார்.

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் சுற்றி வளைக்கவில்லை. “விற்பனை ஏறிடுச்சும்மா. நீங்க சொன்ன அளவுக்குக் கொஞ்சம் மேலயே.”

“சந்தோஷம் சார்.” உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நெஞ்சும் வலித்தது.

“உங்க இடத்துக்கு வந்த தம்பி மெமோ அனுப்பியிருக்கான். மணி அடிக்கிற விளம்பரத்தை நிறுத்திட்டு, டான்ஸ் ஆடுற பாட்டியைப் போட்டிருக்கான். அதனாலதான் ஏறிச்சுன்னு எழுதியிருக்கான். முதலாளி கைதட்டிட்டாரு.”

“நானும் அப்படித்தான் சார் எழுதினேன்.”

“அதான் கூப்பிட்டேன்.” காகிதம் புரள்கிற சத்தம் வந்தது. “உங்க கடைசி மெமோவும் இவன் மெமோவும் மேஜைல பக்கத்துல பக்கத்துல இருக்கு. காலைலேர்ந்து பென்சிலை வச்சிட்டு உக்காந்திருக்கேன். ஓரத்துல என்ன எழுதறதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்களேன்.”

வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சின்னவள் எழுந்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள்.

“அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உக்கார வச்சு, என்னோட நாலாவது பத்தியைப் படிக்கச் சொல்லுங்க சார்” என்றாள்.